ஒரு ஸ்பூன், ஒரு சொட்டு, ஒரு மில்லி: 400 என்ற எண்ணின் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி போன் செய்தாள். குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். தாய்ப்பால் மட்டும்தான்.

"அண்ணா, வைட்டமின் டி டிராப்ஸ் ஒரு மில்லியா, அரை மில்லியா?"

"டாக்டர் என்ன எழுதினாங்க?"

"ஒரு மில்லின்னுதான் எழுதினாங்க. ஆனா இப்ப வாங்கின பாட்டில்ல வேற மாதிரி போட்டிருக்கு."

இரண்டு பாட்டிலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய பாட்டிலில் ஒரு மில்லிக்கு 400 ஐ.யூ. புதியதில் ஒரு மில்லிக்கு 800 ஐ.யூ. மருந்துக்கடையில் பழைய கம்பெனி மருந்து இல்லை, "அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற" என்று கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பாட்டிலோடும் வந்த டிராப்பர் பார்க்க ஒரே மாதிரி. இரண்டிலும் ஒரு மில்லி வரைக்கும் கோடு. அம்மா தினமும் குளிப்பாட்டி முடித்ததும் அந்த பில்லரில் (எங்கள் வீட்டில் டிராப்பருக்கு அதுதான் பெயர்) ஒரு மில்லி எடுத்து, கன்னத்து ஓரமாக விட்டிருக்கிறார். பதினோரு நாள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பயப்பட வேண்டாம். 800 ஐ.யூ. என்பது தேவையானதைப் போல இரண்டு மடங்கு, ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பான 1000-ஐத் தாண்டவில்லை. டாக்டர் கேட்டுவிட்டு, "ஒண்ணும் ஆகாது, நாளையிலிருந்து அரை மில்லி கொடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் அம்மாவுக்கு அன்று முழுவதும் மனசே சரியில்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒரு மில்லின்னு சொன்னாங்க, ஒரு மில்லிதானே கொடுத்தேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

யோசித்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. சொன்னதை அப்படியே செய்தவர் எப்படித் தப்பு செய்தவராக ஆனார்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாகப் படித்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஸ்பூனாக இருந்த காலம்

400 என்பது ஏதோ ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த எண் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது ஒரு டீஸ்பூன்.

ரிக்கெட்ஸ் எனும் எலும்பு மெலிவு நோய் பழையது. 1650-லேயே இங்கிலாந்தில் பிரான்சிஸ் கிளிசன் அதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். எலும்பில் கால்சியம் சரியாகப் படியாமல், நடக்க ஆரம்பிக்கும் குழந்தையின் கால்கள் வில்லாக வளையும், மணிக்கட்டு தடிக்கும், விலா எலும்பு முனைகள் மணி கோத்த மாதிரி புடைக்கும். தொழிற்சாலைப் புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் இது ஏழைக் குழந்தைகளின் நோயாகப் பரவியது. கடலோர மக்கள் இதற்குக் காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்துவந்தார்கள். ஏன் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் இந்த முடிச்சு இரண்டு பக்கமிருந்தும் அவிழ்ந்தது. லண்டனில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, ஓட்ஸ் போன்ற தானிய உணவைக் கொடுத்து ரிக்கெட்ஸ் வரவழைத்தார். மீன் எண்ணெய் கொடுத்தால் அது வராமல் தடுக்க முடிந்தது. 1919-ல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் நோய் வந்த குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் கீழே வைத்தார். எலும்புகள் தேறின. ஒரு கையில் மட்டும் வெளிச்சம் பட்டாலும் இரண்டு கையும் தேறின. அதாவது வெளிச்சம் தோலில் ஏதோ ஒன்றை உண்டாக்குகிறது, அது ரத்தத்தில் போய் உடம்பு முழுக்க வேலை செய்கிறது.

1922-ல் அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் குழு மீன் எண்ணெயைச் சூடாக்கி, அதனுள் காற்றைச் செலுத்தி, வைட்டமின் ஏ-வை அழித்துவிட்டுப் பார்த்தது. அப்போதும் அந்த எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. அப்படியானால் அதில் இன்னொரு பொருள் இருக்கிறது. ஏ, பி, சி ஏற்கெனவே போய்விட்டதால் அதற்கு டி.

அன்றைக்கு அளவு என்பது கொள்ளளவுதான். நம்மூரில் பாலாடை எப்படியோ, அங்கே டீஸ்பூன் அப்படி. தினம் ஒரு டீஸ்பூன் மீன் எண்ணெய் கொடுத்த குழந்தைக்கு ரிக்கெட்ஸ் வரவில்லை, வேறு கெடுதலும் இல்லை. பிறகு அமெரிக்க மருந்துத் தர நூல் ஒரு கிராம் மீன் எண்ணெயில் குறைந்தது 85 யூனிட் டி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறத்தாழ நாலரை கிராமுக்குச் சற்று மேலே. பெருக்கிப் பாருங்கள், 400-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆக, முதலில் வந்தது ஸ்பூன். எண் பின்னால் வந்தது. ஸ்பூனில் தப்பு நடக்க அவ்வளவாக வாய்ப்பு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த நாற்றம் பிடித்த எண்ணெயை யாரும் ஒரு குழந்தைக்குப் பத்து ஸ்பூன் ஊட்டிவிட முடியாது.

ஸ்பூன் சொட்டானது

1924-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக், உணவுப் பொருள்கள்மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அவற்றுக்கே ரிக்கெட்ஸைத் தடுக்கும் சக்தி வருகிறது என்று காட்டினார். சில ஆண்டுகளில் ஈஸ்ட் போன்றவற்றில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற பொருளைக் கதிரில் காட்டி, எண்ணெயில் கரைத்து, வயோஸ்டெரால் என்ற பெயரில் மருந்தாக விற்க ஆரம்பித்தார்கள். ஜெர்மனியில் விகண்டால் வந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. வயோஸ்டெராலின் முதல் வடிவத்துக்கு '100 டி' என்று பெயர். எலிகளில் சோதித்த கணக்கில் மீன் எண்ணெயைவிட நூறு மடங்கு பலம். கொஞ்ச காலத்தில் '250 டி' வந்தது. பார்க்க அதே எண்ணெய், கொடுக்க அதே சொட்டுக் கருவி, உள்ளே இரண்டரை மடங்கு. என் தங்கச்சி வீட்டில் நடந்ததும் இதேதான், கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழித்து.

அது அதிகமானால் விஷம் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1928-லேயே ஜெர்மனியில் கிரைட்மயர், மோல் என்ற இருவர் விலங்குகளுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்து அது கொல்வதைக் காட்டினார்கள். காரணம் எளிமையானது. வைட்டமின் டி-யின் வேலை குடலிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்குள் இழுப்பது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பாகப் படியும். வைட்டமின் சி மாதிரி மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும், இறங்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

ஆளுக்கு ஒரு அளவாக இருந்தால் சரிப்படாது என்று 1931-ல் சர்வதேச யூனிட் என்ற பொது அளவு வந்தது. இன்றைய கணக்கில் ஒரு ஐ.யூ. என்றால் 0.025 மைக்ரோகிராம், 400 ஐ.யூ. என்றால் 10 மைக்ரோகிராம். ஒரு கடுகின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

இவ்வளவு சின்னதை யாராலும் கையால் அளக்க முடியாது. ஏதாவது எண்ணெயில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு எண்ணெயில் கரைப்பது என்பது முழுக்க முழுக்கத் தயாரிப்பவரின் விருப்பம். ஒரு மில்லியில் 400 கரைக்கலாம், அரை மில்லியில் கரைக்கலாம், ஒரே சொட்டிலும் கரைக்கலாம். ஸ்பூன் காலத்தில் ஒன்றாக இருந்த அளவும் கொள்ளளவும் இங்கே பிரிந்துவிட்டன. டாக்டர் மனதில் இருப்பது 400 ஐ.யூ. அம்மாவின் கையில் இருப்பது மில்லி. இரண்டையும் இணைப்பது பாட்டிலின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி.

மேலேயும் கீழேயும் அசைந்த எண்

அளவு எவ்வளவு என்ற விஷயத்தில் 1930-களிலேயே அயோவா பல்கலைக்கழகத்தில் ஜீன்ஸ், ஸ்டேர்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முக்கியமான வேலை செய்திருக்கிறார்கள். 400 யூனிட் ஒட்டிக் கொடுத்த குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள். 1938-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், தினம் 1800 யூனிட்டுக்கு மேல் போன குழந்தைகளின் உயர வளர்ச்சி மட்டுப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். அதிகம் கொடுத்தால் அதிகம் வளரும் என்பது இல்லை.

இதே பாடத்தை ஒரு நாடே படித்தது பிரிட்டனில். போர்க்காலத்தில் அரசாங்கம் குழந்தைகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்தது. அரசாங்கத்தின் பால் பவுடரிலும் டி சேர்த்தது. கம்பெனிகள் குழந்தைகளுக்கான தானிய மாவிலும் சேர்த்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல நோக்கம்தான். மூன்றையும் வாங்கிய வீட்டுக் குழந்தைக்கு என்ன கூட்டுத்தொகை போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. 1952-ல் ரெஜினால்ட் லைட்வுட், பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுத்து, மலச்சிக்கலோடு எடை ஏறாமல் வாடும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். ரத்தத்தில் கால்சியம் அதிகம். அதற்குப் பின் இப்படிப்பட்ட குழந்தைகள் பலர் தெரியவந்தார்கள். 1957-ல் பிரிட்டன் இந்த உணவுகளில் சேர்க்கும் டி-யைக் குறைத்தது.

இதில் ஒரு பின்குறிப்பு உண்டு. அதே அளவைச் சாப்பிட்ட மற்ற லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? 2011-ல் கார்ல் ஷ்லிங்மன் குழு ஒரு விடை சொன்னது. உடம்பில் மிஞ்சும் வைட்டமின் டி-யை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அதற்கான மரபணு பழுதான சில குழந்தைகளுக்கு, மற்றவர்கள் தாங்கும் அளவே அதிகமாகிவிடுகிறது. அபூர்வம்தான். ஆனால் சரியான அளவு கொடுத்தும் ஒரு குழந்தை அப்படி வாடினால், டாக்டர் கால்சியம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் குழந்தை மருத்துவக் கழகம் 1963-லிருந்து 400 என்று சொல்லிவந்தது. 2003-ல் அதை 200 ஆக்கியது. ஐந்தே வருஷத்தில், 2008 நவம்பரில், மறுபடியும் 400 ஆக்கி, பிறந்த முதல் சில நாள்களிலேயே தொடங்கச் சொன்னது. 400 பல காலமாகக் கொடுத்துப் பழகிய, ரிக்கெட்ஸைத் தடுக்கும் என்று நிரூபணமான அளவு என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பழைய டீஸ்பூன் கடைசியில் ஜெயித்தது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் முதல் வருஷம் முழுவதும் தினம் 400 என்றுதான் சொல்கிறது.

தாய்ப்பால் எல்லாவற்றிலும் சிறந்தது என்கிறோம், பிறகு எதற்குச் சொட்டு மருந்து என்று அம்மா கேட்டார். தாய்ப்பாலில் டி மிகக் குறைவு. சாதாரணமாக ஒரு லிட்டரில் 25-லிருந்து 80 ஐ.யூ. வரைதான் இருக்கும். முக்கால் லிட்டர் குடிக்கும் குழந்தைக்கு அது எந்த மூலைக்கு? இயற்கை இந்தப் பாக்கியைச் சூரியனிடம் விட்டிருந்தது. நாம் குழந்தையை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். ஆறு மாதம் வரை நேர் வெயிலில் காட்டவும் வேண்டாம் என்று பல நாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். "நம்ம ஊர்ல வெயிலுக்கு என்ன குறைச்சல்" என்பது உண்மைதான், ஆனால் வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். கறுத்த தோலுக்கு அதே அளவு டி உண்டாக இன்னும் அதிக நேரமும் வேண்டும். அம்மாவுக்கே டி குறைவாக இருந்தால், குழந்தை பிறக்கும்போதே குறைந்த கையிருப்போடுதான் பிறக்கிறது.

பவுடர் பாலில் ஏற்கெனவே டி சேர்த்திருப்பதால், தினம் ஒரு லிட்டர் அளவுக்கு அதைக் குடிக்கும் குழந்தைக்குத் தனியாகச் சொட்டு தேவையில்லை என்பது அமெரிக்கக் கணக்கு. குறைமாதக் குழந்தைக்குக் கணக்கு வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை ஆரோக்கியமான, நிறைமாதக் குழந்தையைப் பற்றியது.

2010 ஜூன்

2008 அறிவிப்புக்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த மருந்து வேண்டும் என்றதும் சந்தை விரிந்தது. பல கம்பெனிகள், பல பலங்கள். 2010 ஜூன் 15-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சில பாட்டில்களோடு வரும் டிராப்பர் 400 ஐ.யூ.வுக்கு மேல் மருந்து பிடிக்கிறது, பெற்றோர் அதை நிரப்பிக் கொடுத்தால் குழந்தைக்கு அதிக அளவு போய்விடும் என்பது விஷயம்.

நான் இதில் கவனித்தது, அவர்கள் பெற்றோருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போகவில்லை. கம்பெனிகளுக்கும் எழுதினார்கள். குழந்தைக்கான மருந்தோடு கொடுக்கும் டிராப்பர் 400 ஐ.யூ.வுக்கு மேல் பிடிக்கக் கூடாது, அளவு தெளிவாகக் குறித்திருக்க வேண்டும் என்றார்கள். நிரப்பினாலே சரியான அளவு வரும்படி கருவி இருந்தால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அம்மா தப்பு செய்ய வழியில்லை. எங்கள் மென்பொருள் வேலையிலும் இதுதான் பாடம். தப்பான எண்ணை உள்ளே விட்டுவிட்டுப் பயனரைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை, தப்பான எண் உள்ளே போகாதபடி கட்டத்தை அமைக்க வேண்டும்.

எச்சரிக்கையின் அபாயம் எவ்வளவு பெரிது என்று கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். கணக்கு ஒரே வரி:

கொடுக்க வேண்டிய மில்லி = 400 ÷ ஒரு மில்லியில் உள்ள ஐ.யூ.

ஒரு மில்லிக்கு 400 என்றால் ஒரு மில்லி. 800 என்றால் அரை மில்லி. இதுவரை மாறிப்போனாலும் இரண்டு மடங்கோடு போகும். மாற்றிப் போனால், அதாவது 400 பாட்டிலில் அரை மில்லி கொடுத்தால், பாதிதான் போகும். அதுவும் தப்புதான், சத்தம் போடாத தப்பு. வெளியே ஒன்றும் தெரியாமல் மாதங்கள் போகும்.

பெரிய தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஒரு சொட்டிலேயே 400 ஐ.யூ. வைத்து வரும் பாட்டில். ஒரு சொட்டு என்பது சுமார் 0.03 மில்லி. அதாவது ஒரு மில்லியில் முப்பது சொட்டுக்கு மேல். முன்பு ஒரு மில்லி கொடுத்துப் பழகியவர், வேறு மருந்தின் டிராப்பரை இதில் விட்டு ஒரு மில்லி எடுத்தால் போவது 12,000 ஐ.யூ.வுக்கு மேல். முப்பது நாள் மருந்து ஒரே நாளில்.

இரண்டாவது நம்மூர் விஷயம். பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை என்று எழுதும் 60,000 ஐ.யூ. மருந்து, ஐந்து மில்லி சின்ன பாட்டிலாகவும் கிடைக்கிறது. அட்டையில் அதே வைட்டமின் டி3. ஒரு மில்லிக்கு எவ்வளவு? 60,000-ஐ ஐந்தால் வகுத்தால் 12,000. பாட்டிக்கு வாங்கியதும் பேரனுக்கு வாங்கியதும் ஒரே அலமாரியில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே 2010 நவம்பரில்தான் அமெரிக்க மருத்துவ நிறுவனம் உச்சவரம்பை வகுத்தது. ஆறு மாதம் வரை தினம் 1000 ஐ.யூ., ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை 1500. தாண்டினால் உடனே விஷம் என்று பொருள் இல்லை, தினம் தினம் தாண்டக் கூடாது என்று பொருள். இதை வைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டு 800 வேலிக்கு உள்ளே நின்றது. 12,000 வேலியைப் போலப் பன்னிரண்டு மடங்கு. இரண்டுமே "ஒரு மில்லி"தான்.

ஒரே ஒரு நாள் கை தவறி அதிகம் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, ஆனாலும் டாக்டரிடம் அளவைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் போவதுதான் ஆபத்து. குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மலச்சிக்கல் வரும், சோர்ந்து கிடக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், எடை ஏறாது. இவை பத்து வியாதிக்கும் பொதுவான அறிகுறிகள், அதனால்தான் காரணம் தெரியாமல் நாள் கடந்துவிடுகிறது. மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலையும் டிராப்பரையும் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. ரத்தத்தில் கால்சியமும் டி அளவும் பார்த்தால் மீதி தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது

இவ்வளவு படித்தபின் தங்கச்சிக்கு நான் சொன்னது நாலே விஷயம். புது பாட்டில் வாங்கினால், கடையிலேயே ஒரு மில்லிக்கு எத்தனை ஐ.யூ. என்ற வரியைப் பார். சிலதில் ஐ.யூ. இருக்காது, மைக்ரோகிராம் இருக்கும். நமக்கு வேண்டியது 10 மைக்ரோகிராம், அதை 10 மில்லி என்று படித்துவிடாதே. அந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரை மட்டும் அதற்குப் பயன்படுத்து, காலியானதும் இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போடு. மல்டிவைட்டமின் சொட்டு யாராவது எழுதிக் கொடுத்தால் அதிலும் டி இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு முன் கேள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டு பங்காகக் கொடுக்காதே, விட்டதை விட்டுவிடு.

டாக்டரிடமும் ஒன்று கேட்டாள். சீட்டில் "1 மில்லி" என்பதோடு "400 ஐ.யூ." என்றும் சேர்த்து எழுத முடியுமா என்று. அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாராம். கடைக்காரர் கம்பெனியை மாற்றினாலும் சீட்டில் இருக்கும் அந்த எண் மாறாது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" ஒன்றும் செய்யவில்லை. அவரிடம் கொடுக்கப்பட்டது பாதிச் செய்தி. மில்லியைச் சொன்னவர்கள் எந்த பாட்டிலின் மில்லி என்று சொல்லவில்லை. 100 டி பாட்டிலுக்குப் பழகி 250 டி பாட்டிலைக் கையில் வாங்கியவர்களுக்கும் இதே பாதிச் செய்திதான் கிடைத்திருக்கும். இதைப் போனில் அம்மாவிடம் சொன்னேன். வயோஸ்டெரால் எல்லாம் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, "அப்ப அந்தக் காலத்துலயே இப்படித்தானா" என்று மட்டும் கேட்டார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். டிராப்பரில் அரை மில்லிக் கோட்டுக்கு மேலே அம்மா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருந்தார். பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் "அரை" என்று எழுதியிருந்தார். அடுத்த பாட்டில் வேறு பலத்தில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"இந்த பில்லரைத் தூக்கிப் போட்டுட்டு உனக்குப் போன் பண்ணுவேன்" என்றார்.